கேள்வியாக்கினால் மென்மையாகுமா? கட்டளையைத் தணிக்கும்போது பொருள் மாறும் இடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டளையைக் கேள்வியாக மாற்றினால் பொருள் அப்படியே இருக்கும், மரியாதை மட்டும் கூடும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. ஊட்டியிலிருந்து கோத்தகிரிக்கு வரும் பேருந்தில் கூட்டம் நெரியும்போது, நின்றுகொண்டிருக்கும் பெண் இருக்கையில் இருப்பவரிடம் "அக்கா, கொஞ்சம் தள்ளி உட்கார்றீங்களா?" என்பார். அவர் "உட்காருகிறேன்" என்றோ "உட்காரவில்லை" என்றோ பதில் சொல்வதில்லை. பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விடுகிறார். வடிவம் கேள்வி, செய்யும் வேலை ஏவல். நன்னூல் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்று ஆறாகப் பிரித்திருப்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். கடைசியாக நிற்கும் ஏவல் வினா இதுதான். ஆகவே கேள்வியின் வழியாக ஏவுவது இந்தக் காலத்து நாகரிகம் என்று எண்ண வேண்டியதில்லை; இலக்கணம் அதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டது.

மற்றப் பாதிதான் சிக்கல். எல்லாக் கேள்வியும் ஏவல் வினாவாக நின்றுவிடுவதில்லை. சில கேள்விகள் உண்மையாகவே கேள்வியாகி, கேட்கப்பட்டவர் கையில் முடிவை ஒப்படைத்துவிடுகின்றன. இதைக் கண்டுபிடிக்க நான் மாலை வகுப்பில் சொல்லித் தரும் சோதனை எளிது: எழுதிய வாக்கியத்துக்குக் கீழே "இல்லை" அல்லது "முடியாது" என்ற பதிலை நீங்களே எழுதிப் பாருங்கள். அந்தப் பதில் முகத்தில் அடித்தாற்போல் இருந்தால் உங்கள் வாக்கியம் இன்னும் கட்டளைதான், மேலே ஒரு போர்வை மட்டும் விழுந்திருக்கிறது. அந்தப் பதில் இயல்பாகப் பொருந்தினால் நீங்கள் மறுக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். அப்படிக் கொடுப்பதுதான் உங்கள் எண்ணம் என்றால் நல்லது. எண்ணாமல் கொடுத்திருந்தால் வாக்கியத்தை மாற்ற வேண்டும்.

எங்கள் பசுந்தேயிலைக் கொள்முதல் நிலையத்தின் அறிவிப்பு அதட்டுவதுபோல் இருக்கிறது என்று விவசாயிகள் வருத்தப்பட்டார்கள். அதைக் கேள்வியாக மாற்றி ஒட்டினோம். இப்போது ஒருவரும் அதன்படி நடப்பதில்லை. எங்கே தவறினோம்?

நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். பழைய தாளில் இப்படி இருக்கிறது: "ஈர இலைக்கு எடையில் கழிக்கப்படும். முற்றிய இலை திருப்பி அனுப்பப்படும். மாலை 4 மணிக்கு மேல் இலை எடுக்கப்படாது." புதிய தாளில்: "ஈரமில்லாத இலையாகக் கொண்டு வரலாமே? இளம் இலையாகப் பறிக்க முடியுமா? மாலை 4 மணிக்குள் வந்துவிடுவீர்களா?"

முதலில், பழைய தாளில் இருந்த மூன்று செய்திகள் புதிய தாளில் காணாமல் போயிருக்கின்றன. எடையில் கழிப்பார்கள், திருப்பி அனுப்புவார்கள், எடுக்க மாட்டார்கள் என்பவை நிலையம் செய்யப்போகும் செயல்கள். அவற்றைச் சொன்ன வாக்கியங்களில் செய்பவர் மறைந்திருந்தாலும் அவர் நிலையத்தார்தான். புதிய வாக்கியங்களிலோ செய்பவர் விவசாயி. "கழிக்கப்படும்" என்ற செய்தியை வினாவாக்கினால் "கழிக்கப்படுமா?" என்றுதான் வரும், "ஈரமில்லாமல் கொண்டு வரலாமே" என்று வராது. நீங்கள் ஒரு வாக்கியத்தை மென்மையாக்கவில்லை, அதை நீக்கிவிட்டு வேறொன்றை எழுதியிருக்கிறீர்கள். விளைவைச் சொல்லாமல் விட்ட அறிவிப்பைப் படித்தவர் எடை கழிந்த சீட்டைக் கையில் வாங்கும்போது, முன்பு வருத்தப்பட்டவர் இப்போது ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்.

அடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் நான் சொன்ன சோதனையைப் போட்டுப் பாருங்கள். "மாலை 4 மணிக்குள் வந்துவிடுவீர்களா?" என்பதற்கு "இல்லைங்க, எங்கள் பக்கத்து ஜீப் கிளம்புவதே நாலரைக்குத்தான்" என்று ஒருவர் சொன்னால் அதில் துளியும் மரியாதைக் குறைவு இல்லை, கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறார். "இளம் இலையாகப் பறிக்க முடியுமா?" என்பதற்கு "ஆள் கிடைக்கவில்லை, பறிக்கும் சுற்று தள்ளிப் போய்விட்டது, முடியாது" என்பது இயல்பான பதில். "கொண்டு வரலாமே" என்பது யோசனை. யோசனையை ஏற்கவும் விடவும் கேட்பவருக்கு இடமுண்டு. அவர்கள் உங்கள் சொல்லை மீறவில்லை, நீங்கள் கொடுத்த இடத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

இதைச் சரிசெய்யும் வழி, அறிவிப்பில் உள்ள விதியையும் வேண்டுகோளையும் தனித்தனியாகப் பிரிப்பது. விதி செய்தி வாக்கியமாகவே நிற்கட்டும். அது கடுமையாகத் தோன்றக் காரணம் அதன் வடிவம் என்று நினைத்தீர்கள். எனக்குத் தோன்றுவது, காரணமும் மாற்று வழியும் சொல்லப்படாததே காரணம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "மழையில் பறித்த இலையைச் சாக்கில் அடைக்கும் முன் நீர் வடிய விடுங்கள். ஈரம் இருந்தால் அதற்கான எடை கழிக்கப்படும். இரண்டு இலையும் ஒரு கொழுந்துமாகப் பறித்த இலையை எடுத்துக்கொள்கிறோம். முற்றிய இலையை ஆலை ஏற்பதில்லை என்பதால் திருப்பித் தர வேண்டியிருக்கும். சாக்கில் அடைந்து கிடக்கும் இலை சூடேறிக் கெட்டுவிடும் என்பதால் லாரி மாலை 4 மணிக்குக் கிளம்பிவிடும். வரத் தாமதமாகும் என்றால் 3 மணிக்கு முன்பே தொலைபேசியில் சொல்லுங்கள்."

இதில் ஒரு கேள்விகூட இல்லை. "விடுங்கள்", "சொல்லுங்கள்" என்ற இரண்டும் வெளிப்படையான ஏவல்கள். ஆனாலும் பழைய தாளின் அதட்டல் இல்லை. "திருப்பி அனுப்பப்படும்" என்பது "திருப்பித் தர வேண்டியிருக்கும்" ஆனபோது நிலையம் தன் விருப்பத்தால் செய்யவில்லை, கட்டாயத்தால் செய்கிறது என்ற பொருள் ஏறுகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும்: அந்தக் கட்டாயம் உண்மையாக இருந்தால் மட்டும் அப்படி எழுதுங்கள். வேண்டியவர் கொண்டுவந்த முற்றிய இலை ஒருநாள் தராசில் ஏறுவதை நான்கு பேர் பார்த்துவிட்டால், "வேண்டியிருக்கும்" என்ற சொல் அன்றோடு செத்துப்போகும். அதன் பிறகு பழைய தாளையே ஒட்டினாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

கொடைக்கானலில் ஒரு விடுதியில் வேலை செய்கிறேன். "அறையைக் காலி செய்யலாமா, சார்?" என்று பணிவாகத்தான் கேட்டேன். விருந்தினருக்குக் கோபம் வந்துவிட்டது. "-லாமா" மரியாதையான வடிவம் இல்லையா?

மரியாதையான வடிவம்தான். ஆனால் யார் செய்வது என்பதை அது சொல்வதில்லை. "சாப்பிடலாமா?" என்று வீட்டில் சொன்னால் நாம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம் என்பது பொருள். "உள்ளே வரலாமா?" என்று வாசலில் நின்று கேட்டால் நான் வருவதற்கு உங்கள் அனுமதி வேண்டும் என்பது பொருள். "இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?" என்றால் யார் குடித்தாலும் தீங்கில்லையா என்பது பொருள். மூன்றிலும் கேட்பவரே செயலில் பங்கெடுக்கிறார், அல்லது செய்பவர் பொதுவானவர். எதிரில் இருப்பவர் மட்டும் செய்ய வேண்டிய வேலைக்கு இந்த வடிவம் சரியாகப் பொருந்துவதில்லை.

உங்கள் வாக்கியத்தை விருந்தினரின் காதால் கேளுங்கள். "நான் உங்கள் அறையைக் காலி செய்யட்டுமா?" என்று, அதாவது அவர் பொருள்களை நீங்களே தூக்கி வெளியே வைப்பதாகக் கேட்டிருக்கும். அல்லது மருத்துவர் "ஊசி போட்டுக்கொள்ளலாமா?" என்று குழந்தையிடம் சொல்வதுபோல், தப்ப முடியாத ஒன்றுக்குச் சம்மதம் கேட்பதாக ஒலித்திருக்கும். நீங்கள் நினைத்த பொருளை, "நீங்கள் காலி செய்ய வேண்டும், எப்போது செய்வீர்கள்?" என்பதை, அந்த வாக்கியம் மூன்றாவதாகத்தான் தரும்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், 11 மணிக்கு அறையைச் சுத்தம் செய்ய வருவார்கள். அதற்குள் பைகளை வரவேற்பறையில் வைத்துவிடுங்கள்; வண்டி வரும்வரை அங்கே உட்காரலாம், டீ கொண்டுவரச் சொல்கிறேன்." நேரம் செய்தியாக வருகிறது, செய்ய வேண்டியது நேரான "-ங்கள்" வடிவில் வருகிறது, அனுமதி தருவதற்காக "-லாம்" வருகிறது. பைகளை நீங்களே தூக்கிச் செல்வதானால் "நான் எடுத்துக்கொண்டு போகட்டுமா?" என்று கேளுங்கள். "-ட்டுமா" என்பது செய்பவர் நானே என்று ஐயமில்லாமல் காட்டும். அங்கே "வேண்டாம்" என்ற பதிலுக்கு உண்மையிலேயே இடமுண்டு, இருக்கவும் வேண்டும்.

எல்லா அறிவிப்பையும் இப்படித் தணித்து எழுத வேண்டுமா? மலைப்பாதைப் பலகைகள்கூட உத்தரவு போடுகின்றனவே.

வேண்டாம். கல்லட்டி மலைப்பாதையில் இறங்குபவரிடம் "இரண்டாம் கியரில் இறங்கலாமா?" என்று பலகை கேட்டால், இறங்குவது சரியா தவறா என்று பலகைக்கே தெரியாதது போலாகிவிடும். "இறங்கலாமே" என்றால் மூன்றாம் கியரிலும் இறங்கலாம் என்ற வாசல் திறக்கும். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். அந்த இடத்தில் கேட்பவருக்குத் தேர்வு கொடுப்பது மரியாதை ஆகாது. "முதல் அல்லது இரண்டாம் கியரில் மட்டும் இறங்கவும்" என்பதே சரி. "மேலேறும் வண்டிக்கு வழி விடவும்" என்பதும் அப்படித்தான்.

மகளின் தேர்வில் செய்தி வாக்கியத்தை வினா வாக்கியமாக மாற்றச் சொன்னார்கள். "குறிஞ்சி பூத்தது" என்பதற்கு "குறிஞ்சி பூத்ததா?" என்று எழுதினாள். மதிப்பெண் கிடைக்கவில்லை. ஏன்?

கேள்வித்தாளில் "பொருள் மாறாமல்" என்ற இரண்டு சொற்கள் இருந்தனவா என்று பாருங்கள். இருந்திருந்தால் ஆசிரியர் செய்தது சரி.

"2018ஆம் ஆண்டில் கொடைக்கானல் மலையில் குறிஞ்சி பூத்தது" என்ற வாக்கியத்தைச் சொல்பவர் அதை அறிந்தவர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது, 2006இல் பூத்து மறுபடி 2018இல் பூத்தது. "பூத்ததா?" என்று கேட்பவர் அறியாதவர். அறிந்தவர் அறியாதவராக மாறிவிட்டார். சொற்கள் எல்லாம் இருந்தும் செய்தி போய்விட்டது. "2018ஆம் ஆண்டில் கொடைக்கானல் மலையில் குறிஞ்சி பூக்கவில்லையா?" என்று எழுதினால், கேட்பவர் அறிந்தவராகவே நிற்கிறார், எதிரில் இருப்பவர் "ஆமாம், பூத்தது" என்று ஒப்புக்கொள்வதை எதிர்பார்க்கிறார். உடன்பாட்டுச் செய்தியை எதிர்மறை வினாவாகவும், எதிர்மறைச் செய்தியை உடன்பாட்டு வினாவாகவும் திருப்பினால் பொருள் தங்கும் என்று சொல்லித் தருவது இதனால்தான். "பொய் நிலைக்காது" என்பது "பொய் நிலைக்குமா?" ஆகும், "நிலைக்காதா?" என்று எழுதினால் நிலைக்க வேண்டும் என்று ஏங்குவதுபோல் ஆகிவிடும்.

ஆனால் தேர்வுத்தாளில் முழு மதிப்பெண் பெறும் இந்த மாற்றத்தைப் பேச்சில் மென்மைக்காகப் பயன்படுத்தாதீர்கள். "குறிஞ்சி பூக்கவில்லையா?" என்பதில், இதுகூடத் தெரியாதா என்ற குத்தல் எளிதில் ஏறும். "பூத்ததல்லவா?" என்பது பொருளையும் காக்கும், குத்தலும் குறைவு. உங்கள் மகளுக்கு இரண்டையும் சொல்லிக் கொடுங்கள்.

நிச்சயதார்த்தத்துக்கு என் சித்தப்பாவை அழைத்தபோது "வரமாட்டீங்களா?" என்றேன். மனத்தில் கெஞ்சலாகத்தான் இருந்தது. அவர் "என்னை என்னவென்று நினைத்தாய்?" என்று கேட்டுவிட்டார்.

"மாட்டு" என்ற துணைவினை மறுக்கும் மனத்தைக் காட்டுவது. "மழை பெய்தால் வர முடியாது" என்பதில் தடை வெளியே இருக்கிறது. "வரமாட்டேன்" என்பதில் தடை ஆளுக்குள் இருக்கிறது. ஆகவே "வரமாட்டீங்களா?" என்ற கேள்வி, மறுக்கும் எண்ணம் ஏற்கெனவே அவரிடம் இருப்பதாக வைத்துக்கொண்டு தொடங்குகிறது. முன்பே "பார்க்கலாம்" என்று இழுத்தவரிடம் இதைச் சொன்னால் கெஞ்சல். முதல் அழைப்பிலேயே சொன்னால் குற்றச்சாட்டு. சித்தப்பாவுக்கு இரண்டாவதாகக் கேட்டிருக்கிறது. பெரியவர்களை அழைக்கும்போது கேள்வியே வேண்டியதில்லை: "சித்தப்பா, நீங்களும் சித்தியும் முதல் நாளே வந்துவிட வேண்டும், நீங்கள் நின்று நடத்த வேண்டும்." கட்டாயப்படுத்தும் வாக்கியமே அங்கே மரியாதை, ஏனென்றால் வரவில்லை என்றால் எங்களுக்குக் குறை என்று அது சொல்கிறது. "உங்களால் வர முடியுமா?" என்று அளந்து கேட்டிருந்தால், வராவிட்டாலும் பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

எதிர்மறைக் கேள்வியில் இன்னொரு தொல்லையும் உண்டு. "நாளைக்கு வரவில்லையா?" என்று குறுஞ்செய்தி அனுப்பி "ஆமாம்" என்று மட்டும் பதில் வந்தால், தமிழில் அது பெரும்பாலும் "ஆமாம், வரவில்லை" என்பதே. "இல்லை" என்று வந்தால் "இல்லை, வரவில்லை" என்றும் இருக்கலாம், "இல்லை, வருகிறேன்" என்றும் இருக்கலாம். நேரில் தலையசைப்பும் குரலும் தீர்த்து வைப்பதை எழுத்து தீர்ப்பதில்லை. எத்தனை பேருக்குச் சமைப்பது என்று முடிவு செய்ய வேண்டிய இடத்தில் "நாளைக்கு வருகிறீர்களா?" என்று நேராகக் கேட்பது நல்லது.

"சொல்லலாமே" மென்மை, "சொல்லியிருக்கலாமே" கடுமை என்கிறார்கள். ஓர் "இரு" சேர்ந்ததற்கு இவ்வளவா?

"இரு" செயலைக் கடந்த காலத்துக்குத் தள்ளிவிடுகிறது. "சொல்லலாமே" எனும்போது வாய்ப்பு இன்னும் கையில் இருக்கிறது. கேட்பவர் சொல்லலாம், விடலாம். "சொல்லியிருக்கலாமே" எனும்போது வாய்ப்பு முடிந்துவிட்டது. இனி அவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லாததால் வாக்கியத்தில் மிச்சமிருப்பது குறை சொல்வது மட்டுமே. "சொல்லக்கூடாதா?" என்பது இரண்டுக்கும் நடுவில் ஊசலாடும், தாய் மகனிடம் சொன்னால் பரிவு, மேற்பார்வையாளர் தொழிலாளியிடம் சொன்னால் கண்டிப்பு.

தேயிலைக் கொள்முதல் நிலையத்தில் எழுத்தராக இருக்கிறேன். மூத்தவர் எழுதிய பதிவேட்டில் தவறு இருந்தது. "இது தவறுதானே, சார்?" என்று மென்மையாகக் கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. வேறு எப்படிச் சொல்வது?

கருத்தைக் கேள்வியாக்கும்போது வாக்கியத்தின் இறுதியில் எதைச் சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "தவறு" என்பது முடிவு. "தவறா?" என்பது எனக்குத் தெரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்பது. "தவறோ?" என்பது எனக்குள் ஒரு சந்தேகம், உங்களிடம் பதில்கூடக் கேட்கவில்லை என்பது, எனக்குத் தெரிந்தவரை ஒரு கருத்தைத் தணிக்கத் தமிழில் உள்ளவற்றில் மெல்லியது இந்த "ஓ" தான். "தவறல்லவா?" என்பது நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள் என்ற எதிர்பார்ப்பு. "தவறுதானே?" என்பதில் எதிர்பார்ப்பு போய் வற்புறுத்தல் வந்துவிடுகிறது: ஒத்துக்கொள்ளுங்கள் என்கிறது. "தவறு" என்று நேராகச் சொல்லியிருந்தால் அவர் மறுத்திருக்கலாம். "தானே" போட்டு நீங்கள் அவர் வாயிலிருந்தே அந்தச் சொல்லை வரவழைக்கப் பார்த்தீர்கள். கேள்வி வடிவம் செய்தியைவிடக் கடினமாகப் போன இடம் இது.

"தவறோ?" என்று கேட்டிருக்கலாம். ஆனால் கணக்கு விஷயத்தில் அதுவும் எனக்கு முழு நிறைவாக இல்லை, ஏனென்றால் உங்களுக்குச் சந்தேகம் இல்லை. எடைச் சீட்டைப் பார்த்திருக்கிறீர்கள். தெரிந்ததைத் தெரியாததுபோல் கேட்பதைக் கேட்பவர் கண்டுபிடித்துவிடுவார். நீங்கள் விவரித்த நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம். விவசாயியிடம் உள்ள சீட்டில் 41 கிலோ. பதிவேட்டில் 47 கிலோ. கையெழுத்தில் 1க்கும் 7க்கும் வேறுபாடு ஒரு சிறு கொம்புதான். "சார், சீட்டில் 41 என்று இருக்கிறது, பதிவேட்டில் 47 என்று இருக்கிறது. எதை எடுத்துக்கொள்ளட்டும்?" என்று கேளுங்கள். முதல் இரண்டு வாக்கியங்களும் நேரான செய்திகள். அவற்றில் "தவறு" என்ற சொல்லும் இல்லை, செய்தவரும் இல்லை. கேள்வி மூன்றாவதில்தான் வருகிறது, அது அவரால் மட்டுமே முடிவு செய்யக்கூடியதைப் பற்றியது. பதில் உண்மையிலேயே தேவைப்படும் கேள்வி என்பதால் அதில் நடிப்பு இல்லை.

இதில் ஒரு வரம்பு உண்டு. அவர் "47ஐயே வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டால், நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லிவிட்டார். அதன் பிறகு கேள்வியால் முடியாது. "சீட்டில் 41 இருப்பதால் என்னால் 47 என்று எழுத முடியாது, சார்" என்று செய்தியாகத்தான் சொல்ல வேண்டும்.

"முடியுமா" என்று கேட்டால் சிலர் உதவுகிறார்கள், சிலர் புண்படுகிறார்கள். ஒரே சொல்தானே?

சொல் ஒன்று, பக்கத்தில் நிற்கும் சொற்கள் வேறு. "இந்தச் சாக்கைக் கொஞ்சம் பிடிக்க முடியுமா?" என்பதில் "கொஞ்சம்" சாக்கின் அளவைக் குறிக்கவில்லை, கேட்பது வேண்டுகோள் என்று அறிவிக்கிறது. "உங்களால் இந்தச் சாக்கைத் தூக்க முடியுமா?" என்றால் "உங்களால்" முன்னே வந்து ஆற்றலின் மீது விளக்கைப் போடுகிறது. முழங்கால் வலியோடு தேயிலைச் சரிவில் ஏறி இறங்கும் அம்மாவிடம் அக்கறையாக அப்படிக் கேட்கலாம். இருபது வயது இளைஞனிடம் கேட்டால் அவன் அதைச் சவாலாகத்தான் எடுத்துக்கொள்வான். "-ஆ" எந்தச் சொல்லோடு ஒட்டுகிறது என்பதையும் பாருங்கள். "நீங்கள் தூக்குகிறீர்களா?" என்பது வேண்டுகோள். "நீங்களா தூக்குகிறீர்கள்?" என்பது வியப்பு, சில வேளை ஏளனம்.

வாட்ஸ்அப்பில் "தயவுசெய்து நாளைக்குள் அனுப்பவும்" என்று அத்தைக்கு எழுதினேன். "ஆபீஸ் லெட்டரா?" என்று கேட்டார். "தயவுசெய்து" போட்டும் ஏன்?

"அனுப்பவும்" என்ற வடிவம் பெரும்பாலும் எழுத்துக்கு உரியது. எந்த வீட்டிலும் யாரும் யாரையும் பார்த்து "உட்காரவும்" என்று சொல்வதில்லை. முகம் தெரியாத பலருக்குப் பலகையோ சுற்றறிக்கையோ எழுதும்போது அது சரியான மரியாதை. ஒரே ஒருவருக்கு, அதுவும் உறவினருக்கு எழுதினால், அவரை முகம் தெரியாதவர் ஆக்கிவிடுகிறது. "தயவுசெய்து" அந்தத் தூரத்தை இன்னும் கூட்டும். பழைய தமிழில் வேண்டும்போது யார் யாரிடம் பேசுகிறார் என்பது வினையிலேயே தெரிந்துவிடும்: தாழ்ந்தவர் "ஈ" என்பார், ஒத்தவர் "தா" என்பார், உயர்ந்தவர் "கொடு" என்பார் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. இன்று அந்த மூன்றில் "ஈ" வழக்கொழிந்துவிட்டது, ஆனால் வினை வடிவத்தைப் பார்த்து உறவின் தூரத்தை அளக்கும் பழக்கம் நம்மிடம் அப்படியே இருக்கிறது. உங்கள் அத்தை அதைத்தான் செய்தார்.

"அத்தை, நாளைக்குள்ள அனுப்பிடுறீங்களா?" என்று எழுதியிருக்கலாம். "அனுப்புங்களேன்" என்பதும் நெருக்கமானது. அதில் உள்ள "ஏன்" காரணம் கேட்பதில்லை, செல்லமாக வற்புறுத்துகிறது. அத்தையிடம் அது இனிக்கும். அதே வடிவத்தை வட்டாட்சியர் அலுவலகத்தில் "கையெழுத்துப் போடுங்களேன், சார்" என்று சொன்னால் பொறுமை இழந்ததாகக் கேட்கும். அங்கே "கையெழுத்துக்காக வந்திருக்கிறேன், சார்" என்று செய்தியைச் சொல்லி மனுவை நீட்டினால் போதும்.